நூறு சதவீதம் காட்டினால் போய்ச் சேர்ந்ததாகுமா?

தை முதல் நாள் அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்தால், காளைக்கு நிகரான எண்ணிக்கையில் செல்போன்களும் உயரும். மாடியில், தடுப்புக் கட்டைகளுக்குப் பின்னால், வேனின் கூரையில் என்று எங்கும் படம் பிடிக்கிறார்கள். பிடித்த கையோடு ஏற்ற வேண்டும் என்பதும் எல்லோருக்கும் ஆசை. அங்கேதான் சிக்கல். முப்பது சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறிய வீடியோ திடீரென நின்றுவிடுகிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரையின் மேல் மூலையில் சிக்னல் கோடுகள் நிறைய இருக்கின்றன. யாரோ அனுப்பிய ரீல்ஸ் தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் நம் வீடியோ மட்டும் நகர மறுக்கிறது.

வீடியோ நின்றால் எரிச்சலோடு போய்விடும். அதைவிடப் பெரிய பாதிப்பு, பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பே நடக்கும் பதிவில் இருக்கிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்று ஜல்லிக்கட்டுகளுக்கும் காளைகளையும் மாடுபிடி வீரர்களையும் பதிவு செய்வது சில ஆண்டுகளாக madurai.nic.in தளத்தின் வழியாக நடக்கிறது. 2024-இல் ஜனவரி 10 நண்பகல் தொடங்கி மறுநாள் நண்பகலோடு பதிவு முடிந்தது. அந்த ஒரே நாளுக்குள் 12 ஆயிரத்துக்கும் அதிகமான காளைகள் பதிவாயின. காளையின் உடல்தகுதிச் சான்று, ஆதார், படம் போன்றவற்றை ஏற்ற வேண்டும். அவற்றைச் சரிபார்த்த பிறகே டோக்கன் கிடைக்கும். ஊர்ப்புறத்துத் தொழுவத்தில் நின்றுகொண்டு, மங்கலான நெட்டில், ஆண்டு முழுக்கத் தீனி போட்டு வளர்த்த மாட்டின் சான்றிதழை ஏற்றுகிறவருக்கு, அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது சின்ன விஷயமல்ல.

இறங்கும் தரவு தடையின்றி வரும்போது ஏறும் தரவு மட்டும் ஏன் நிற்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

கோடுகள் சொல்வது பாதிக் கதை

திரையில் தெரியும் சிக்னல் கோடுகள், டவர் பேசுவது நம் போனுக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. நம் போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதே இல்லை. டவரின் ஆன்டெனா பல பத்து வாட் திறனில் ஒலிபரப்பும். நம் கையிலுள்ள 4ஜி போன் உச்சமாக அனுப்பக்கூடியது பொதுவாக 0.2 வாட்தான். பேட்டரியையும் உடல் பாதுகாப்பையும் கருதி வைத்த வரம்பு அது. வாடிவாசல் மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பவரின் குரல் கடைசித் தெரு வரை கேட்கும், கடைசித் தெருவில் நின்று நாம் போடும் சத்தம் மேடைக்குக் கேட்காது. இங்கேயும் அதே நிலைதான்.

டவருக்கு அருகில் இருக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. தள்ளிப் போகப் போக, அல்லது கான்கிரீட் வீட்டுக்குள் நுழைய நுழைய, போன் தன் குரலை உயர்த்திக்கொண்டே போகும். உச்சத்தைத் தொட்ட பிறகு உயர்த்த வழியில்லை. அப்போது, இருக்கும் சிறிய திறனைக் குறுகலான அலைப்பட்டையில் குவித்து, மெதுவாக, ஒரே துண்டை மீண்டும் மீண்டும் அனுப்பும். ஏற்றும்போது போன் சூடாவதற்கும் பேட்டரி மளமளவென இறங்குவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். போன் சுடுகிறது, வட்டம் நகரவில்லை என்றால், குறை பெரும்பாலும் போனிலிருந்து டவருக்குப் போகும் பாதையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் 4ஜி-யின் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், 5ஜி-க்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையும், இறங்குவதற்கும் ஏறுவதற்கும் ஒரே பாதையை நேரம் பிரித்துத் தருபவை. மக்கள் பார்ப்பது அதிகம், அனுப்புவது குறைவு என்பதால் பெரும்பங்கு நேரம் இறக்கத்துக்கு ஒதுக்கப்படுகிறது. ஏற்றத்துக்கு எஞ்சுவது சிறுபகுதி. தை முதல் நாள் பகலில் ஓர் ஊர்க் கூட்டமே அந்தச் சிறுபகுதியைப் பங்கு போட்டுக்கொள்கிறது. வேறு நாட்களில் பார்ப்பவர்களாக இருந்தவர்கள் அன்று அனுப்புபவர்களாக மாறிவிடுகிறார்கள். டவரைக் கட்டியவர்கள் வைத்த கணக்கு அன்று தலைகீழாகிறது.

5ஜி என்று திரையில் காட்டினாலே வேகம் என்று நம்ப வேண்டாம். அதிக அலைவரிசை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. விளிம்பில் இருக்கும் போன் 5ஜி-க்கும் 4ஜி-க்கும் மாறி மாறித் தாவும், ஒவ்வொரு தாவலிலும் ஏற்றம் தடுமாறும். இத்தகைய இடத்தில் அமைப்புகளில் நெட்வொர்க் வகையை 4ஜி-யில் நிறுத்தி வைத்தால் வேகம் குறைந்தாலும் ஓட்டம் சீராக இருக்கும். ஏற்றுவதற்கு வேண்டியது அந்தச் சீர்மைதான்.

சிக்னல் திரும்பிய பிறகும் நிற்பது ஏன்?

பலரும் கவனித்திருப்பார்கள். சிக்னல் அரை நிமிடம் போய், திரும்பி வந்துவிட்டது. வாட்ஸ்ஆப் செய்திகள் வந்து குவிகின்றன. ஆனால் ஏற்றிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் அசையாமல் நிற்கிறது.

இதற்குக் காரணம் அலைவரிசை அல்ல, இணையத்தின் பழைய விதி. போன் கோப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிர்முனையிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் சிறிது காத்திருந்து மறுபடி அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் காத்திருப்பை இரட்டிப்பாக்கும். ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று போகும். நெரிசலான பாதையில் எல்லோரும் இடைவிடாமல் தள்ளினால் பாதையே அடைத்துவிடும் என்பதற்காக வைத்த கட்டுப்பாடு இது, நல்ல நோக்கம்தான். ஆனால் சிக்னல் போன நேரத்தில் காத்திருப்பு முப்பத்திரண்டு விநாடிக்கு ஏறிவிட்டால், சிக்னல் வந்த கணத்தில் போன் அதை உணர்ந்து உடனே அனுப்பாது. அடுத்த முறை வரும் வரை பொறுத்திருக்கும். செயலிகளும் தங்கள் பங்குக்குத் தனியே ஒரு காத்திருப்பை வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளுக்கான ஏற்பாட்டில், தோல்வியுற்ற வேலை முப்பது விநாடியில் தொடங்கி ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பைக் கூட்டிக்கொண்டே, உச்சமாக ஐந்து மணி நேரம் வரை தள்ளிப்போட முடியும். பல தடவை நின்ற ஏற்றம் நள்ளிரவில் தானாகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபிளைட் மோடைப் பத்து விநாடி போட்டு எடுத்தால் ஏற்றம் உயிர் பெறுவதும் இதனால்தான். பழைய தொடர்பு அறுந்து, நீண்டுபோன காத்திருப்பும் அதோடு அழிகிறது. புதிய தொடர்பு முதல் விநாடியிலிருந்து தொடங்குகிறது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரிந்த செயலிக்கே இது உதவும். யூடியூப், கூகுள் டிரைவ் போன்றவை கோப்பைத் துண்டு துண்டாகப் பெற்று, ‘இதுவரை இவ்வளவு வந்தது’ என்று கணக்கு வைத்திருக்கும். தொடர்பு அறுந்தால் போன் அந்தக் கணக்கைக் கேட்டு, மிச்சத்தை மட்டும் அனுப்பும். ஆனால் பிரவுசரில் திறக்கும் சாதாரண விண்ணப்பப் படிவத்துக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. அறுந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது ஃபிளைட் மோடைத் தொட வேண்டாம்.

வேறு செயலிக்குப் போனாலும், திரையை அணைத்தாலும் இதே இழப்பு நேரலாம். பேட்டரியைச் சேமிக்க, பின்னணியில் இருக்கும் செயலிகளைப் போன் உறங்க வைத்துவிடும். ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இது தீவிரமானது. ஐபோனிலும் திரையை விட்டு விலகிய செயலி சில விநாடிகளில் நிறுத்தப்படலாம். ஏற்றம் முடியும் வரை அந்தப் பக்கமே திரையில் இருக்கட்டும், பேட்டரி சேமிப்பு அணைந்திருக்கட்டும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். பல போன்களில், ஒரு சிம்மில் நெட் ஓடும்போது மற்ற சிம்மில் அழைப்பு வந்தால், பேசி முடிக்கும் வரை நெட் நின்றுவிடும். பொங்கல் நாளில் வாழ்த்து அழைப்புகள் எத்தனை வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடை.

சிக்னலே காரணமாக இல்லாத நிறுத்தங்களும் உண்டு. ‘Waiting for Wi-Fi’ என்று காட்டினால் டவரைத் திட்டுவதில் பயனில்லை. மொபைல் நெட்டில் ஏற்றக் கூடாது என்று அந்தச் செயலியின் அமைப்பில் இருக்கிறது, மாற்றினால் போதும். தினசரி நெட் பேக் தீர்ந்துபோனதும் இப்படிப்பட்டதே. ஒரு நாளுக்கு ஒன்றரை ஜிபி என்ற திட்டங்களில், அது முடிந்த பிறகு வேகம் வழக்கமாக 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். நெட் இருப்பதாகவே காட்டும், எழுத்துச் செய்திகள் போகும், ஆனால் 100 எம்பி கோப்பு ஏற மூன்றரை மணி நேரம் ஆகும். காலையிலிருந்து படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தவரின் நெட் மாலையில் ‘ஸ்லோ’ ஆனால், முதலில் பார்க்க வேண்டியது மீதி இருப்பை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

காளை அவிழ்வதிலிருந்து எல்லைக் கோட்டைத் தாண்டுவது வரை மூன்று நிமிட வீடியோ என்று வைத்துக்கொள்வோம். முழு எச்.டி. தரத்தில் பல போன்களில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி. மொத்தம் 390 எம்பி.

ஏற்றுவதற்கு முன் ஒரு வேகச் சோதனை செய்து பார்க்கலாம். அதில் இரண்டு எண்கள் வரும். பெரும்பாலோர் முதல் எண்ணான இறக்க வேகத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவதான ஏற்ற வேகம். இறக்கம் 12 எம்பிபிஎஸ், ஏற்றம் 0.4 எம்பிபிஎஸ் என்று வந்தால் கூட்ட நாளில் வியப்பில்லை. 390 எம்பி என்பது 3120 மெகாபிட். அதை 0.4-ஆல் வகுத்தால் 7800 விநாடி. இடையில் ஒரு தடங்கலும் இல்லாவிட்டால்கூட இரண்டு மணி பத்து நிமிடம். அவ்வளவு நேரம் அழைப்பும் வராமல், சிக்னலும் போகாமல், திரையும் அணையாமல் இருக்கப் போவதில்லை. ‘ஏறவே மாட்டேங்குது’ என்று சலித்துக்கொள்பவரின் போன் உண்மையில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, கொடுத்த சுமைதான் அதற்கு மிஞ்சியது.

அதே வீடியோவை 720பி தரத்துக்குச் சுருக்கி 110 எம்பி ஆக்கினால் ஏறக்குறைய முப்பத்தேழு நிமிடம். அதிலும் தேவையான நாற்பது விநாடியை மட்டும் வெட்டியெடுத்தால் பத்து நிமிடத்துக்கும் கீழே. முழு வீடியோவை இரவு பத்து மணிக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகு, மொட்டை மாடியில் போனை ஓரிடத்தில் வைத்துவிட்டு ஏற்றலாம். அந்த நேரத்தில் கூகுள் போட்டோஸ் பேக்கப், வாட்ஸ்ஆப் பேக்கப் இரண்டும் அணைந்திருக்க வேண்டும். பகல் முழுக்க எடுத்த படங்களை அவை சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தால், இருக்கிற குறுகலான பாதையை மூன்றாகப் பங்கு போட நேரும்.

காளைப் பதிவுக்கும் இதே கணக்கு. உடல்தகுதிச் சான்றைப் போனில் படமெடுத்தால் நான்கு எம்பி இருக்கும். 0.4 எம்பிபிஎஸ்-இல் அது எண்பது விநாடி. விட்ட இடத்திலிருந்து தொடர முடியாத படிவத்தில் எண்பது விநாடி என்பது நீண்ட காலம், நடுவில் ஒரு சிறு வெட்டு வந்தாலும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். படத்தை எழுத்து தெளிவாகத் தெரியும்படியே 200 கேபி அளவுக்குச் சுருக்கினால் நான்கு விநாடியில் போய்விடும். நான்கு விநாடி இடைவெளி எந்தப் பலவீனமான சிக்னலிலும் கிடைக்கும். பதிவு திறக்கும் நாளுக்கு முன்பே எல்லா ஆவணங்களையும் சுருக்கி ஒரே போல்டரில் வைத்துக்கொள்வது, எந்த வேகமான நெட்டையும் விடப் பயன் தரும்.

போய்ச் சேர்ந்ததென்று எப்படி உறுதி செய்வது?

ஏற்றும்போது தெரியும் சதவீதம், பெரும்பாலான தளங்களில், செயலி தன் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்ட அளவுதான். அந்தத் தரவு போனின் உள்ளேயே ஒரு வரிசையில் டவருக்காகக் காத்திருக்கலாம். அதனால்தான் சின்னக் கோப்புகள் சட்டென்று நூறைத் தொட்டுவிட்டு அங்கேயே நிற்கின்றன. பெற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியது எதிர்முனை. அந்தச் சொல் வந்ததா என்பதை மட்டும்தான் நாம் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் இது வெளிப்படையாக இருக்கிறது. கடிகாரக் குறி இருந்தால் செய்தி இன்னும் நம் போனில்தான் இருக்கிறது. ஒற்றை டிக் வந்தால் அவர்களுடைய சர்வருக்குப் போய்விட்டது, இனி நம் போனை அணைத்தாலும் கவலையில்லை. இரட்டை டிக் வந்தால் பெறுபவரின் போனைத் தொட்டுவிட்டது.

யூடியூபில் ‘Uploading’ என்ற சொல் ‘Processing’ என்று மாறும் கணமே முக்கியம். மாறுவதற்கு முன் செயலியை மூடினால் ஏற்றம் நிற்கலாம். மாறிய பிறகு கோப்பு அவர்களிடம் இருக்கிறது, மீதி வேலை அவர்களுடையது. முதலில் வீடியோ மங்கலாகத் தெரியும், உயர்தரம் பிறகு வரும். அதைப் பார்த்துப் பயந்து அழித்துவிட்டு மறுபடி ஏற்றத் தொடங்குபவர்கள் உண்டு, அது தேவையில்லை. வீடியோவின் நேர அளவு மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

டிரைவ், போட்டோஸ் போன்றவற்றில் அதே போனின் செயலியில் பார்ப்பது சான்றாகாது. போனில் இருக்கும் பிரதியையே அது எடுத்துக் காட்டலாம். வேறொரு போனிலோ கணினியிலோ பிரவுசரைத் திறந்து, உங்கள் கணக்கில் நுழைந்து பார்க்க வேண்டும். அளவை ஒப்பிடும்போது ஒரு குழப்பம் வரும். போனில் 390 எம்பி என்று இருந்தது கணினியில் 372 என்று தெரியலாம். ஒன்று ஆயிரத்தால் கணக்கிடுகிறது, மற்றது 1024-ஆல். கோப்பு குறைந்துவிடவில்லை. ஐயம் இருந்தால் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள், அது கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும்.

பாதியில் அறுந்த கோப்பைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கவும் முடியும். படமென்றால் மேல்பாதி தெளிவாக இருந்து கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகத் தெரியும். போனில் எடுத்த வீடியோவென்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது, ஏனெனில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் போன் பொதுவாகக் கோப்பின் கடைசியில்தான் எழுதுகிறது. பிடிஎஃப் கோப்பும் அட்டவணையைக் கடைசியில் வைத்திருப்பதால், வால் அறுந்தால் திறக்க மறுக்கலாம். ஆகவே ஏற்றியதைத் திறந்து, வீடியோவின் கடைசிப் பத்து விநாடியை, ஆவணத்தின் கடைசி வரியைப் பாருங்கள்.

அரசுப் படிவங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கலாம், ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற பதில் மட்டும் திரும்பி வரும் வழியில் அறுந்திருக்கலாம். நம் திரையில் பிழைச் செய்தி, அவர்கள் கணினியில் முழு விண்ணப்பம். இந்த நிலையில் பதறிப்போய் மறுபடி சமர்ப்பித்தால் ஒரே காளை இரண்டு முறை பதிவாகி, சரிபார்ப்பில் சிக்கலாகலாம். முதலில் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, அதே காளைக்கு ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுமுயற்சி செய்ய வேண்டும். பதிவு எண் திரையில் வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணைத் தாளிலும் எழுதிவையுங்கள். எண் வராதவரை பதிவு உறுதியாகவில்லை என்றே கொள்ள வேண்டும். கடைசி மணி நேரத்துக்கு விட்டுவைத்தால் இந்தச் சரிபார்ப்புக்கு நேரமிருக்காது. அப்படி ஆகிவிட்டால் பக்கத்து இ-சேவை மையத்துக்கோ கம்பி வழி இணையம் உள்ள கடைக்கோ போவதுதான் நல்லது.

இவ்வளவும் மாட்டுக்காரரின் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. பதிவுப் பக்கத்தை வடிவமைப்பவர்கள் மூன்று வேலைகள் செய்தால் போதும். படத்தை அனுப்பும் முன் போனிலேயே சுருக்க வேண்டும், இதைப் பிரவுசரிலேயே செய்ய முடியும். ஒவ்வொரு ஆவணத்தையும் தனித்தனியே பெற்று, ஏறியதை ஏறியதாக வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு எண்ணைத் திரையில் காட்டுவதோடு குறுஞ்செய்தியிலும் அனுப்ப வேண்டும், நெட் விழுந்த இடத்திலும் குறுஞ்செய்தி வந்து சேர வாய்ப்புண்டு. அடுத்த தைக்குள் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, வேறொரு திரையில் கண்ணால் பார்க்காமல் போனிலுள்ள மூலத்தை யாரும் அழித்துவிடாதீர்கள்.